வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்களுக்கு உதவித்தொகைக் கடிதம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருத்துறைப்பூண்டி பக்கத்து அரசுப் பள்ளி ஒன்றின் பழைய மாணவர் சங்கத்துக்காக ஒன்பது வருஷமாக இந்தக் கடிதத்தை எழுதி வருகிறேன். கல்லூரியில் சேரும் எங்கள் பிள்ளைகளுக்கு முதல் வருஷச் செலவுக்கு உதவி கேட்டு, சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா, அமெரிக்கா என்று போயிருக்கும் நம்மவர்களுக்குப் போகும் கடிதம் அது. மன்னார்குடி, வேதாரண்யம், பட்டுக்கோட்டை பக்கத்துச் சங்கங்களிலிருந்து கூப்பிடுகிறவர்களும் ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டு, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

"கடிதத்தை எப்படி ஆரம்பிக்கிறது? பள்ளிக்கூடத்தோட வரலாறு, பெருமை எல்லாம் எழுதணுமா?"

வேண்டாம். அவர் அங்கே படித்தவர். புளியமரமும் மணிச்சத்தமும் அவருக்கு உங்களைவிட நன்றாக நினைவிருக்கும். என் முதல் இரண்டு கடிதங்களும் பள்ளி தொடங்கிய கதையோடு ஆரம்பித்தன. பணம் எதற்கு என்ற செய்தி இரண்டாம் பக்கத்தில்தான் வரும். துபாயில் இருக்கும் என் வகுப்புத் தோழன் ஒருவன் சொன்னான்: "வேலை முடிஞ்சு ரூமுக்கு வந்து படுத்துக்கிட்டே போன்ல பாக்குறேன்டா. முதல் நாலு வரியில என்ன கேக்குறேன்னு தெரியலன்னா, அப்புறம் பாத்துக்கலாம்னு வச்சிடுவேன்."

அதனால் முதல் பத்தியில் மூன்று விஷயம் வந்துவிட வேண்டும்: எத்தனை பிள்ளைகள், ஒரு பிள்ளைக்கு எவ்வளவு, எந்தத் தேதிக்குள். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம். கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம்.

"எவ்வளவு கேக்கலாம்? 'உங்களால் முடிந்ததை' அப்படின்னு எழுதினா மரியாதையா இருக்குமே?"

மரியாதையாக இருக்கும், பணம் வராது. எவ்வளவு கொடுத்தால் சரியாக இருக்கும் என்று தெரியாததால்தான் பாதிப்பேர் தள்ளிப்போடுகிறார்கள். கொஞ்சமாகக் கொடுத்தால் குறைவாக நினைப்பார்களோ என்ற கூச்சம் அவர்களுக்கு உண்டு. ஒரு பிள்ளையின் செலவை உட்கார்ந்து கணக்குப் போட்டு, அந்தத் தொகையைக் கேளுங்கள்.

நான் போட்ட ஒரு கணக்கைச் சொல்கிறேன். அரசு கலைக் கல்லூரியில் அறிவியல் பாடம் எடுத்து, விடுதியில் தங்கிய ஒரு பெண். சேர்க்கைக் கட்டணம் 2,600 ரூபாய். விடுதி முன்பணமும் முதல் இரண்டு மாதச் சாப்பாடும் 9,400. புத்தகம், ரெக்கார்டு நோட்டு, ஆய்வகக் கோட்டு 3,200. துணிமணி, செருப்பு, பெட்டி 3,800. பஸ், சான்றிதழ்கள், போன் ரீசார்ஜ் 2,000. ஆக 21,000. கல்லூரிக் கட்டணம் இதில் எட்டில் ஒரு பங்குதான் என்பதைப் பாருங்கள். "அரசுக் கல்லூரியில் என்ன பெரிய செலவு?" என்று வெளிநாட்டிலிருந்து கேட்கிறவர்களுக்கு இந்தக் கணக்கே பதில்.

அந்த வீட்டில் 6,000 ரூபாய் புரட்ட முடியும் என்றார்கள். அதை மதித்து எடுத்துக்கொண்டோம். மீதி 15,000. கடிதத்தில் கேட்டது அந்த 15,000தான். "ஒரு பிள்ளைக்கு 15,000, பாதிப் பங்கு 7,500, கால் பங்கு 3,750" என்று மூன்று தொகை போட்டோம். கால் பங்கு என்ற வரியைப் போட்ட வருஷம்தான் கட்டடவேலைக்குப் போன எங்கள் பையன்கள் முதல்முறையாகப் பணம் அனுப்பினார்கள். அதுவரை 'ஒரு பிள்ளை' என்ற தொகை அவர்களைத் தள்ளியே வைத்திருந்தது.

"அரசாங்கமே மாசம் ஆயிரம் ரூபாய் தருதே, அதைச் சொன்னா யாரும் கொடுக்க மாட்டாங்க. மறைச்சிடலாமா?"

மறைக்கவே கூடாது. புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும், பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டிலும் தொடங்கியவை. வெளிநாட்டில் இருக்கிறவருக்கும் தெரியும், தெரியாவிட்டால் அவர் அக்கா மகள் சொல்லிவிடுவாள். மறைத்தது தெரிந்தால் அடுத்த வருஷக் கடிதத்தை அவர் திறக்கமாட்டார்.

உண்மை நிலவரத்தை எழுதினால் போதும். அந்த ஆயிரம், பிள்ளை கல்லூரியில் சேர்ந்து, விவரம் பதிவாகி, சரிபார்த்த பிறகுதான் வங்கிக்கணக்குக்கு வர ஆரம்பிக்கும். சேருவதற்குத் தேவைப்படும் மொத்தப் பணமோ அதற்கு முன்னால் கட்டவேண்டியது. நாங்கள் அடைப்பது அந்த இடைவெளியைத்தான். இரண்டாம் பருவத்திலிருந்து அரசுப் பணம் மாதச் செலவுக்கு உதவுகிறது. அதனால் ஒரு பிள்ளைக்கு ஒரே முறைதான் கொடுக்கிறோம். இப்படி எழுதியதால் நன்கொடை குறையவில்லை. "அப்போ என் 15,000 ஒரு பிள்ளையை உள்ளே சேர்த்துடும், அதானே?" என்று தெளிவாகப் புரிந்துகொண்டார்கள்.

"கடிதத்தை எப்ப அனுப்பணும்? ரிசல்ட் வந்தவுடனே அனுப்பினா சூடா இருக்குமே?"

மே மாதத்தில் பிளஸ் டூ முடிவு வந்தபின் அனுப்பினால் நேரம் போய்விட்டது என்று அர்த்தம். கலைக் கல்லூரி விண்ணப்பம் அதே மாதத்தில் திறந்துவிடும். அழைப்பு வந்தால் இரண்டு மூன்று நாளில் பணம் கட்ட வேண்டும். கடிதம் போய், அவர் படித்து, அனுப்பி, நாம் பிரித்துக் கொடுக்க ஒன்றரை மாதமாவது ஆகும்.

நம் பக்கத்துக் குடும்பங்களுக்கு வருஷத்தில் மிகவும் இறுகிப்போன காலம் எது என்று பாருங்கள். சம்பா அறுப்பு தை, மாசியில். கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்கு வந்த பணம் கடனை அடைத்து, நகையை மீட்டு, சித்திரைக்குள் கரைந்துவிடும். அறுப்பு இயந்திரத்துக்குப் போய்விட்டதால் கூலிக்காரக் குடும்பங்களுக்கு அந்த வருமானமும் முன்புபோல இல்லை. வைகாசி பிறந்ததும் குறுவைக்கு உழவு, விதை, உரம் என்று கையிலிருப்பதை எல்லாம் வயலில் போடவேண்டும். மேட்டூர் திறப்பதற்கு என்று வழக்கமாக வைத்திருக்கும் நாள் ஜூன் 12. கல்லூரிச் சேர்க்கையும் அதே வாரங்களில்தான். ஒரே பணத்துக்கு நாற்றங்காலும் கேட்கிறது, பிள்ளையும் கேட்கிறது. இதைக் கடிதத்தில் மூன்று வரியில் எழுதுங்கள். வயல் தெரிந்தவர்களுக்கு அது போதும், வேறு எதுவும் அவர்களை இவ்வளவு தொடுவதில்லை.

எங்கள் கடிதம் தைப்பொங்கலுக்கு அடுத்த வாரம் போகிறது. கடைசித் தேதி ஏப்ரல் 30. பொங்கலுக்கு ஊருக்கு வந்து போனவர்களுக்கு மனசு இன்னும் இங்கேயே இருக்கும்.

"எல்லாருக்கும் ஒரே கடிதத்தை வாட்ஸ்அப்பில் போட்டுட்டா போதாதா?"

குழுவில் போட்டது யாருக்கும் வந்த கடிதமாக ஆகாது. நாங்கள் வகுப்பு வாரியாகப் பிரித்திருக்கிறோம். ஒவ்வொரு பிளஸ் டூ வருஷத்துக்கும் ஒருவர். அவர் தன் செட்டில் வெளியே இருப்பவர்களுக்குப் பேர் சொல்லித் தனித்தனியாக அனுப்புகிறார். மேலே இரண்டு வரி அவரே எழுதவேண்டும் என்று விட்டுவிடுகிறோம். "டேய் குமாரு, நீ மேல்படிப்புக்கு எப்படித் திண்டாடினேன்னு எனக்குத் தெரியும்" என்று கூடப் படித்தவன் எழுதுவதைச் சங்கத் தலைவர் எழுத முடியாது.

வயதில் மூத்தவர்களுக்கு 'அண்ணா', 'அக்கா' என்று எழுதுங்கள். கையெழுத்து தலைவர், செயலாளர், பொருளாளர் மூவருடையதும் இருக்கட்டும். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் சம்மதித்தால் அவரையும் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

"ஒரு மாதிரிக் கடிதம் காட்டுங்களேன்."

போன முறை நாங்கள் அனுப்பியதை ஊர், ஆள் அடையாளங்களை எடுத்துவிட்டுத் தருகிறேன்.

> அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,
>
> வரும் ஜூனில் நம் பள்ளியிலிருந்து கல்லூரி போகும் 12 பிள்ளைகளைச் சேர்த்துவிட ஒரு பிள்ளைக்கு 15,000 ரூபாய் வேண்டும். ஏப்ரல் 30க்குள் 1,80,000 சேரவேண்டும். நீங்கள் ஒரு பிள்ளையையோ, பாதிப் பங்கையோ (7,500), கால் பங்கையோ (3,750) ஏற்கும்படி கேட்கிறோம்.
>
> சேர்க்கை நேரமும் குறுவைச் செலவும் ஒன்றாக வருவது உங்களுக்குத் தெரியும். கல்லூரிக் கட்டணத்தைவிட விடுதி முன்பணமும் சாப்பாடும்தான் இவர்களைத் தடுக்கிறது. அரசின் மாதம் 1,000 ரூபாய் சேர்ந்த பிறகே வரும். அதுவரையிலான செலவுக்குத்தான் இந்தத் தொகை.
>
> போன வருஷம் வந்தது 1,41,250. ஒன்பது பேருக்குக் கொடுத்தது 1,35,000. மீதி 6,250 கணக்கில் இருக்கிறது. ஒன்பது பேரில் எட்டுப் பேர் படிக்கிறார்கள். ஒருவர் இரண்டாம் பருவத்தில் நின்றுவிட்டார். திரும்பச் சேர்க்கப் பேசிக்கொண்டிருக்கிறோம்.
>
> ஒரு முக்கியமான வேண்டுகோள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் மட்டுமே இந்தக் கணக்குக்குப் பணம் அனுப்ப வேண்டும். வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றிருந்தால், தயவுசெய்து அனுப்புவதற்கு முன் எங்களைக் கூப்பிடுங்கள்.
>
> கணக்கு விவரம் பின்பக்கம். அனுப்பும் முன் பொருளாளரிடம் போனில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நின்றுவிட்ட பிள்ளையைப் பற்றிய வரியை எடுத்துவிடச் சொல்லிச் சங்கத்தில் சிலர் வற்புறுத்தினார்கள். நான் மறுத்துவிட்டேன். அந்த வரியைப் பார்த்துத்தான் மூன்று பேர் கூப்பிட்டு, "அந்தப் பையனுக்கு என்ன ஆச்சு, நான் பேசவா?" என்று கேட்டார்கள்.

"பாஸ்போர்ட்டைப் பத்தி ஏன் எழுதணும்? எல்லாரும் நம்ம ஊரு ஆளுங்கதானே?"

சட்டம் ஊரைப் பார்ப்பதில்லை, குடியுரிமையைப் பார்க்கிறது. வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், 2010 என்று ஒன்று இருக்கிறது. எப்.சி.ஆர்.ஏ. என்பார்கள். அதில் பதிவோ முன் அனுமதியோ இல்லாத சங்கம், வெளிநாட்டுக் குடிமகனிடமிருந்து நன்கொடை வாங்கவே கூடாது. மீறினால் சிறைத்தண்டனை வரை போகலாம்.

இந்தியக் குடிமகனாகவே இருந்துகொண்டு வெளிநாட்டில் வேலை பார்ப்பவர், தன் சொந்தச் சேமிப்பிலிருந்து முறையான வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. அதை வாங்க நமக்கு எப்.சி.ஆர்.ஏ. தேவையில்லை. ஆனால் அவர் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கிறார் என்பதற்கு விவரம் வாங்கி வைத்துக்கொள்ளும்படி உள்துறை அமைச்சகமே அறிவுறுத்துகிறது. நாங்கள் பாஸ்போர்ட் முதல் பக்க நகலும், 'இது என் சொந்தச் சேமிப்பு' என்று இரண்டு வரியும் வாங்கி ரசீது நகலோடு கோப்பில் வைக்கிறோம். அந்த நகல் பொருளாளரைத் தவிர வேறு யார் போனிலும் இருக்கக்கூடாது.

"சிங்கப்பூர் பி.ஆர்., அமெரிக்கா கிரீன் கார்டு, ஓ.சி.ஐ. இவங்கல்லாம் எந்தப் பக்கம்?"

பி.ஆர். என்பதும் கிரீன் கார்டு என்பதும் அந்த நாட்டில் தங்கும் உரிமை மட்டுமே. பாஸ்போர்ட் இன்னும் இந்தியாவுடையதுதான். அவர்களிடம் வாங்கலாம்.

ஓ.சி.ஐ. அட்டையில் 'இந்திய' என்று இருப்பதால் பலர் ஏமாந்துபோகிறார்கள். அந்த அட்டை வைத்திருப்பவர் வேறு நாட்டுக் குடிமகன். இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை. எனவே அவருடையது வெளிநாட்டுப் பங்களிப்பு.

வளைகுடாவில் இருப்பவர்கள் அனேகமாக எல்லோரும் இந்தியப் பாஸ்போர்ட்டில்தான் இருப்பார்கள், அங்கே குடியுரிமை கிடைப்பது அரிது. கவனமாக இருக்க வேண்டியது சிங்கப்பூர், மலேசியா, அமெரிக்கா, கனடா, இங்கிலாந்துப் பட்டியலில். பத்து வருஷத்துக்கு முன் இந்தியராக இருந்தவர் இப்போது மாறியிருக்கலாம். அதனால் ஒவ்வொரு வருஷமும் கேட்கவேண்டும்.

"அவரு ஊருக்கு வந்தப்போ கையில ரூபாயா கொடுத்தா? அது இந்தியப் பணம்தானே?"

ரூபாயாக இருந்தாலும் அதேதான். யார் கொடுக்கிறார் என்பதுதான் கேள்வி, எந்த நோட்டு என்பது அல்ல. இதில் நாங்களே தடுமாறியிருக்கிறோம். ஒரு பொங்கல் சந்திப்பில் குடியுரிமை மாறிய அண்ணன் ஒருவர் 50,000 ரூபாயைக் கவரில் போட்டு எல்லோர் முன்னாலும் கொடுத்தார். கைதட்டினோம். மறுநாள் ஆடிட்டரிடம் சொன்னபோது, வங்கியில் போட்டுவிட்டீர்களா என்றுதான் முதலில் கேட்டார். போடவில்லை, ரசீதும் எழுதவில்லை. அன்றைக்கே அவர் வீட்டுக்குப் போய்த் திருப்பிக் கொடுத்தோம். அவர் முகம் வாடியது இன்னும் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. முன்கூட்டியே கடிதத்தில் சொல்லியிருந்தால் அந்த நிலை அவருக்கு வந்திருக்காது. மாதிரிக் கடிதத்தில் அந்தப் பத்தி வந்த கதை இதுதான்.

"'என் தம்பி ஊர்லதானே இருக்கான், அவன் கணக்குக்கு அனுப்பறேன், அவன் பேர்ல சங்கத்துக்குக் கொடுத்துடட்டும்'னு சொல்றாரே?"

இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள், நல்லெண்ணத்தோடு கேட்கிறார்கள். ஆனால் சட்டம் இதையும் நினைத்துப் பார்த்திருக்கிறது. வெளிநாட்டவரிடமிருந்து வந்த பணத்தை வாங்கியவர், அதை மறுபடி வேறொருவருக்கு நன்கொடையாகக் கொடுத்தால், நேரடியாக வந்தாலும் பலர் கை மாறி வந்தாலும், அது வெளிநாட்டுப் பங்களிப்பாகவே எடுத்துக்கொள்ளப்படும். அண்ணன் தம்பிக்குக் குடும்பச் செலவுக்கு அனுப்புவது வேறு. சங்கத்துக்கு என்று சொல்லி அனுப்புவது சங்கத்தையும் தம்பியையும் சேர்த்தே மாட்டிவிடும்.

பொருளாளரின் சொந்தக் கணக்குக்கு அனுப்புவதும் இதே ரகம். அதில் இன்னொரு கெடுதல், இந்தியக் குடிமக்கள் அனுப்பிய நல்ல பணமும் அங்கே கலந்து கணக்கு குழம்பிவிடும்.

"அப்போ குடியுரிமை மாறினவங்க ஒண்ணுமே செய்ய முடியாதா?"

செய்யலாம். எப்.சி.ஆர்.ஏ. பதிவு நடப்பில் உள்ள கல்வி அறக்கட்டளை ஏதாவது நம் மாவட்டப் பிள்ளைகளுக்கு உதவித்தொகை தருகிறதா என்று பார்த்து, அதற்கே அவர் நேரடியாகக் கொடுக்கலாம். பதிவு நடப்பில் இருக்கிறதா என்பதை எப்.சி.ஆர்.ஏ. இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம். நம் பிள்ளைகளை அங்கே விண்ணப்பிக்க வைப்பது நம் வேலை. ஆனால் அந்த அறக்கட்டளை வாங்கிய பணத்தை நம் சங்கத்துக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. 2020 திருத்தத்துக்குப் பின் அது தடை.

பணமில்லாத உதவியும் பெரிது. எங்கள் பள்ளி அக்கா ஒருவர் கனடாவிலிருந்து சனிக்கிழமைதோறும் முதலாண்டுப் பிள்ளைகளோடு ஆங்கிலம் பேசுகிறார். கடிதத்தின் கடைசியில் இதற்கும் ஒரு வரி வையுங்கள்.

"நாமளே எப்.சி.ஆர்.ஏ. வாங்கிட்டா என்ன?"

பதிவுக்குச் சங்கம் மூன்று வருஷமாவது இயங்கியிருக்கவேண்டும், அந்த மூன்று நிதியாண்டில் தன் நோக்கத்துக்காக 15 லட்சம் ரூபாயாவது செலவழித்திருக்கவேண்டும். வருஷம் ஒன்றரை லட்சம் கொடுக்கும் எங்களைப் போன்ற சங்கத்துக்கு அது எட்டாது. குறிப்பிட்ட ஒருவர் குறிப்பிட்ட தொகையைக் குறிப்பிட்ட வேலைக்குத் தருவதாக எழுதிக்கொடுத்தால், அதற்கு மட்டும் முன் அனுமதி கேட்கும் வழி உண்டு. பெரிய தொகை என்றால் ஆடிட்டரோடு பேசிப் பாருங்கள்.

கிடைத்தாலும், பணம் புதுதில்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் திறந்த கணக்குக்குத்தான் முதலில் வரவேண்டும். ஒவ்வொரு நிதியாண்டுக் கணக்கையும் டிசம்பர் 31க்குள் தாக்கல் செய்யவேண்டும், பணம் வராத வருஷமும்கூட. சங்கத்தில் இதைச் செய்ய ஆள் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள்.

"அபுதாபியில இருக்கேன். ரூம்ல உள்ளவங்ககிட்ட எல்லாம் வசூலிச்சு மொத்தமா அனுப்பட்டுமா?"

வேண்டாம் தம்பி. ஐக்கிய அரபு அமீரகத்தில் உரிமம் இல்லாமல் நன்கொடை திரட்டுவது குற்றம். வாட்ஸ்அப்பில் கேட்பதும் அதில் அடங்கும். சிங்கப்பூரிலும் வெளிநாட்டு அறப்பணிக்குப் பொதுமக்களிடம் நிதி திரட்ட அனுமதி வேண்டும். அதனால் எங்கள் கடிதத்தில் 'நண்பர்களிடமும் திரட்டித் தாருங்கள்' என்ற வரி கிடையாது. முன்பு இருந்தது, எடுத்துவிட்டோம்.

இங்கிருந்து பார்த்தாலும் அது சிக்கல். மேலே சொன்ன விலக்கு அவரவர் சொந்தச் சேமிப்புக்குத்தான். எட்டுப் பேர் பணம் ஒருவர் பேரில் வந்தால் அந்த எட்டுப் பேர் யார், எந்த நாட்டவர் என்று நம்மால் சொல்ல முடியாது. ஒவ்வொருவரும் தங்கள் கணக்கிலிருந்தே அனுப்பட்டும். கம்பெனி தன் பங்காகச் சேர்த்துத் தருகிறது என்று சொன்னாலும், அது வெளிநாட்டுக் கம்பெனி என்றால் வாங்க முடியாது.

"எந்த வழியா அனுப்பச் சொல்றது?"

சுலபமானது, வெளிநாட்டில் இருப்பவர் என்ற முறையில் அவர் இந்திய வங்கியில் வைத்திருக்கும் என்.ஆர்.இ. அல்லது என்.ஆர்.ஓ. கணக்கிலிருந்து சங்கக் கணக்குக்கு ரூபாயாக மாற்றுவது. அனுப்பியவர் பெயர் நம் வங்கிப் பட்டியலில் தெளிவாக விழும். அங்கிருந்து டாலராகவோ திர்ஹமாகவோ நேராகச் சங்கக் கணக்குக்கு அனுப்பினால் நம் வங்கி நிறுத்திவைத்து விளக்கம் கேட்கும், சிலசமயம் திருப்பியும் அனுப்பிவிடும். ஏப்ரல் கடைசியில் அப்படி மாட்டினால் ஜூனுக்குள் கைக்கு வராது. வங்கியைத் தவிர்த்து ஆள் மூலம் அனுப்பும் உண்டியல் வழி எந்தக் காரணத்துக்கும் கூடாது.

கணக்கு சங்கத்தின் பதிவுப் பெயரில், இருவர் கையெழுத்தில் இருக்கவேண்டும். கணக்கு எண்ணைப் படமாகப் போட்டுப் பரப்பாதீர்கள். படத்தில் எண்ணை மாற்றி மறுபடி அனுப்புவது ஒரு நிமிட வேலை. போனில் சரிபார்க்கச் சொல்லும் வரி மாதிரிக் கடிதத்தில் இருப்பது இதனால்தான்.

"80ஜி இருக்குன்னு போட்டா நிறையப் பேர் கொடுப்பாங்களா?"

சங்கத்துக்கு 80ஜி அங்கீகாரம் உண்மையிலேயே இருந்தால் ஒரு வரியில் சொல்லுங்கள், பெரிதாக நம்ப வேண்டாம். அது இந்தியாவில் வரி கட்டும் வருமானத்துக்கான சலுகை. சம்பளம் முழுக்க வெளிநாட்டில் வாங்குபவருக்கு இங்கே கழிக்க ஒன்றும் இல்லை. இங்கே வாடகை வருமானம் உள்ளவர்களுக்குப் பயன்படும், அதுவும் பழைய வரிமுறையில் இருந்தால்தான். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்ததற்குக் கிடைக்காது. 'முழு வரிவிலக்கு' என்று எழுதிவிட்டு, பிறகு அவர் ஆடிட்டரிடம் கேட்டு நம்மைத் தவறாக நினைக்கும்படி செய்யாதீர்கள்.

"பிள்ளையோட போட்டோ, வீட்டு போட்டோ போட்டா மனசு இரங்கும்ல?"

எங்கள் ஊர் இரண்டாயிரம் வீடு. கூரைவீட்டுப் படத்தைப் போட்டால் சிங்கப்பூரில் பார்ப்பவருக்கு யார் வீடு என்று உடனே தெரியும். ஒரு வருஷம் பேர் போடாமல், 'தந்தையை இழந்த, தாய் நடவு வேலை செய்யும் மாணவி, வேதியியல்' என்று எழுதினோம். யார் என்று கண்டுபிடிக்க அதுவே போதுமானதாக இருந்தது. அந்தப் பெண்ணின் மாமா மஸ்கட்டிலிருந்து வீட்டுக்குப் போன் போட்டு, "ஊருக்கெல்லாம் சொல்லிப் பணம் வாங்குறீங்களா?" என்று அக்காவைச் சத்தம் போட்டார். அந்தப் பெண் பணத்தை வாங்க மாட்டேன் என்று வந்து நின்றாள். ஆசிரியை ஒருவர் பேசித்தான் சம்மதிக்க வைத்தார். அன்றிலிருந்து கடிதத்தில் செலவுக் கணக்கு மட்டும்தான், எந்தப் பிள்ளையின் கதையும் இல்லை.

"'எங்க தெருப் பிள்ளைகளுக்கு மட்டும்', 'எங்க ஆளுங்களுக்கு மட்டும்'னு சொல்லிக் கொடுத்தா வாங்கலாமா?"

நாங்கள் வாங்குவதில்லை. வகுப்பில் ஒன்றாக உட்கார்ந்த பிள்ளைகளை உதவித்தொகையில் பிரித்தால் அந்தச் சங்கம் இருப்பதில் அர்த்தம் இல்லை. சட்டப்படியும், குறிப்பிட்ட சாதிக்கோ மதத்துக்கோ மட்டும் என்று அமைந்த நிதிக்கு, தாழ்த்தப்பட்டோர், பிற்படுத்தப்பட்டோர், பெண்கள், குழந்தைகள் போன்ற விதிவிலக்குகள் தவிர, 80ஜி கிடைக்காது. அப்பா அம்மா பேரில் தருகிறேன் என்றால் தாராளமாக வாங்குங்கள், ரசீதிலும் ஆண்டறிக்கையிலும் அந்தப் பேரைப் போடுங்கள். யாருக்குப் போகும் என்பதைத் தேர்வுக்குழு முடிவுசெய்யும். குழுவில் உள்ளவர் வீட்டுப் பிள்ளை விண்ணப்பித்தால் அந்த வருஷம் அவர் விலகி உட்காரவேண்டும்.

"வருஷா வருஷம் கேக்குறதுக்குப் பதிலா மொத்தமா வாங்கி டெபாசிட் பண்ணி வட்டியில கொடுக்கலாமே?"

கணக்கைப் பாருங்கள். 10 லட்சம் சேர்த்து 7 சதவீத வட்டியில் போட்டால் வருஷம் 70,000. மேலே சொன்ன 15,000 வீதம் நான்கு பிள்ளைகள். பன்னிரண்டு பிள்ளைகளுக்கு 26 லட்சம் போல வேண்டும். விடுதிச் சாப்பாட்டுச் செலவு ஏறிக்கொண்டே போகும், வட்டி ஏறாது.

பெரிய தொகை தருகிறவர்கள் ஓரிருவர் இருந்தால் அவர்களிடம் மட்டும் தனியாகக் கேளுங்கள். 'இது மூலதன நிதிக்கு' என்று அவர் கைப்பட எழுதிக் கொடுக்கவேண்டும். இல்லாவிட்டால் அது அந்த வருஷச் செலவுக்கான பணமாகத்தான் கணக்கில் வரும். மற்றவர்களுக்குப் போகும் கடிதத்தில் இரண்டையும் கலக்காதீர்கள்.

"கஜா புயலுக்கு அனுப்பினேன், என்ன செஞ்சீங்கன்னே தெரியலன்னு ஒருத்தர் எழுதியிருக்கார். என்ன பதில் சொல்றது?"

2018 நவம்பரில் எல்லோரும் கையில் கிடைத்ததை அனுப்பினார்கள். தார்ப்பாய், அரிசி, மெழுகுவத்தி என்று ராத்திரி பகலாகக் கொடுத்தோம், எழுதி வைக்க யாருக்கும் நேரமில்லை. எங்கள் சங்கத்துக்கும் இதே கேள்வி வந்தது. இருந்த பில்களைத் தேடி எடுத்து, கிடைக்காதவற்றை 'பில் இல்லை' என்றே குறித்து, இரண்டு பக்கக் கணக்காகக் கேட்டவருக்கு அனுப்பினோம். தாமதத்துக்கு மன்னிப்பும் கேட்டோம். அந்த வருஷம் அவர் எதுவும் தரவில்லை. அடுத்த வருஷம் கால் பங்கு அனுப்பினார்.

இப்போது ஜூலை 31க்குள் எல்லா நன்கொடையாளருக்கும் ஒரு பக்கம் போகிறது: வந்தது, கொடுத்தது, மீதி, எந்தெந்தப் பாடத்தில் எத்தனை பேர் சேர்ந்தார்கள். ஜனவரியில் இரண்டாம் பக்கம்: எத்தனை பேர் முதல் பருவத் தேர்வு எழுதினார்கள். அந்த ஜனவரிப் பக்கத்தின் பின்புறத்தில்தான் அடுத்த வருஷக் கடிதம் அச்சாகிறது.